இரண்டும் சரி, ஆனால் அதுவா காரணம்?

வணக்கம். உங்கள் மகள் எழுதிய மூன்று மாதிரித் தேர்வுகளின் விடைத்தாள்களையும் பார்த்துவிட்டேன். "உயிரியலில் எல்லாம் படிக்கிறாள், கூற்று-காரணம் வந்தால் மட்டும் சறுக்கிவிடுகிறாள், ஞாபக சக்திக்கு ஏதாவது பயிற்சி இருக்கிறதா" என்று கேட்டிருந்தீர்கள். ஞாபகத்தில் குறை எதுவும் இல்லை. மூன்று தாள்களிலும் சேர்த்து இந்த வகைக் கேள்விகள் 14 இருந்தன, 6 தவறு. அந்த ஆறில் ஐந்தில் கூற்றும் சரி, காரணமும் சரி என்பதை அவள் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அதற்குப் பிறகு "காரணம் கூற்றை விளக்குகிறது" என்ற முதல் விடையைக் குறித்துவிட்டாள்; சரியான விடை "இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை" என்ற இரண்டாவது. ஐந்திலும் அதே பிழை, அதே பக்கம். நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு என்பதால் இந்த ஒரு பழக்கம் அவளுக்கு 25 மதிப்பெண் வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கிறது.

பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவளிடமே தொலைபேசியில் கேட்டேன். "இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் 'ஏனெனில்' போட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், சார். பொருந்தினால் விளக்கம்" என்றாள். பல வகுப்புகளில் சொல்லித்தரும் உத்திதான் இது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஒரே பாடத்திலிருந்து எடுத்த எந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவிலும் 'ஏனெனில்' போட்டால் காதுக்குப் பொருத்தமாகத்தான் ஒலிக்கும். கேள்வி தயாரிப்பவர் அதை எதிர்பார்த்துத்தான் அந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்.

அவள் தவறவிட்ட ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

கூற்று: தமனிகளின் சுவர் சிரைகளின் சுவரைவிடத் தடிமனானது.
காரணம்: பெரும்பாலான தமனிகள் ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தத்தை எடுத்துச்செல்கின்றன.

'ஏனெனில்' போட்டுப் படித்துப் பாருங்கள். சிக்கலே தெரியாது. இரண்டும் பாடநூலில் ஒரே பக்கத்தில் இருக்கும் செய்திகள், இரண்டும் உண்மை. அவள் முதல் விடையைக் குறித்தது அதனால்தான்.

இப்போது வேறு வழியில் போவோம். காரணத்தைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். கூற்றை மட்டும் படித்துவிட்டு, அதில் எந்தச் சொல்லுக்கு 'ஏன்' கேட்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். இங்கே அந்தச் சொல் 'தடிமன்' மட்டும் அல்ல; 'சிரைகளைவிட' என்பதும் சேர்ந்தது. கூற்று ஓர் ஒப்பீடு. ஆகவே நமக்குத் தேவைப்படும் காரணம், தமனிக்கும் சிரைக்கும் இடையே தடிமனைப் பாதிக்கும் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரிந்த பாடத்திலிருந்தே ஒரு வரியில் பதில் வரும்: இதயம் சுருங்கும்போது இரத்தம் உயர்ந்த அழுத்தத்தில் தமனிக்குள் பாய்கிறது, அதைத் தாங்கத் தசையும் மீள்தன்மையும் கொண்ட தடித்த சுவர் வேண்டும், சிரைக்குள் வரும்போது அழுத்தம் மிகவும் குறைந்துவிடுகிறது. இந்த வரியை மனதில் சொல்லிக்கொண்ட பிறகு கையை எடுத்துத் தரப்பட்ட காரணத்தைப் பார்த்தால், அதில் அழுத்தம் என்ற பேச்சே இல்லை என்பது கண்ணில் படும்.

இவ்வளவோடு நிறுத்தலாம். ஆனால் சந்தேகம் தீராத பிள்ளைகளுக்கு இன்னொரு படி இருக்கிறது. காரணத்தில் சொன்ன செய்தி மாறிப்போன ஓர் இடத்தைத் தேடி, அங்கே கூற்று என்ன ஆகிறது என்று பார்ப்பது. நுரையீரல் தமனி ஆக்ஸிஜன் குறைந்த இரத்தத்தைத்தான் சுமக்கிறது; நுரையீரல் சிரை ஆக்ஸிஜன் மிகுந்ததைச் சுமக்கிறது. ஆக்ஸிஜன்தான் சுவரைத் தடிமனாக்குகிறது என்றால் இந்த இரண்டில் சிரையின் சுவர் தடித்திருக்க வேண்டும். அப்படி இல்லை. அங்கேயும் தமனியின் சுவர்தான் தடிமன். ஆக, ஆக்ஸிஜனை எடுத்துவிட்டாலும் கூற்று அசையவில்லை. இரண்டும் சரி, விளக்கம் இல்லை. இரண்டாம் விடை.

இதே கேள்வியில் 'பெரும்பாலான' என்பதை 'எல்லா' என்று மாற்றிவிட்டால் காரணமே தவறாகிவிடும். விடை 'கூற்று சரி, காரணம் தவறு' என்ற மூன்றாவதற்குப் போய்விடும். அந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் விளக்கமா இல்லையா என்று யோசிப்பதில் பயனில்லை. அதனால் முதலில் இரண்டையும் தனித்தனியாகச் சரி, தவறு என்று முடிவு செய்துவிட்டுத்தான் உறவைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லுங்கள்.

நீங்கள் தினமும் அடுப்படியில் நிற்பவர் என்பதால் இயற்பியலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன், இதை அவளோடு நீங்களே பேசிப்பார்க்கலாம். கூற்று: திறந்த பாத்திரத்தில் கொதிக்கத் தொடங்கிய பிறகு, பருப்பு வேகச் சென்னையைவிட உதகமண்டலத்தில் அதிக நேரம் ஆகிறது. காரணம்: உதகமண்டலத்தில் காற்றின் வெப்பநிலை சென்னையைவிடக் குறைவு.

இது தமனிக் கேள்வியைவிடப் பொல்லாதது. ஊட்டி குளிர், குளிரில் வேகாது என்று நம் அனுபவமே சாட்சி சொல்ல வந்துவிடும். இங்கேதான் காரணத்திலிருந்து கூற்றுக்குப் போகும் வழியை அடி அடியாகச் சொல்லச் சொல்ல வேண்டும். காற்று குளிர்ந்திருக்கிறது, அதனால்...? அதனால் பாத்திரத்து நீரின் வெப்பம் குறைகிறதா? இல்லை. நீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை அதன் வெப்பநிலை கொதிநிலையிலேயே நிற்கும், சமையலறை குளிர்ந்திருந்தாலும் சூடாக இருந்தாலும். வழி நடுவிலேயே அறுந்துவிட்டது. உண்மையான வழி இப்படிப் போகிறது: உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உயரம் கூடினால் வளிமண்டல அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் நீர் 100 டிகிரியை எட்டும் முன்பே, ஏறக்குறைய 92 அல்லது 93 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடுகிறது, பருப்பு அந்தக் குறைந்த வெப்பத்தில்தான் வேக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைப் பிடித்திருக்கிறது. மாற்றிப் பார்க்கவும் இடம் இருக்கிறது: ஜனவரி மாத தில்லியில் கடுங்குளிர், ஆனால் ஊர் உயரத்தில் இல்லை, கொதிக்கத் தொடங்கிய பிறகு அங்கே பருப்பு ஏறக்குறையச் சென்னையில் ஆகும் நேரத்திலேயே வெந்துவிடும்.

'கொதிக்கத் தொடங்கிய பிறகு' என்ற சொற்கள் கூற்றில் இல்லாமல் இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் தயக்கம் வந்திருக்கும். குளிர்ந்த நீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரக் கூடுதல் நேரம் ஆகும் அல்லவா, அந்தப் பங்கில் காற்றின் குளிருக்கும் ஒரு கை உண்டு. நல்ல கேள்வித்தாளில் இப்படிப்பட்ட ஓட்டையை அடைத்துவிடுவார்கள். எல்லாக் கேள்வித்தாளும் நல்ல கேள்வித்தாள் அல்ல என்பது உங்களுக்கும் தெரியும்.

உங்கள் மகன் போட்டித் தேர்வுக்குப் படிப்பதாகச் சொன்னீர்கள். வரலாற்றில் இதே பிழை வேறு வேஷத்தில் வரும். 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் காங்கிரஸ் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தை நிறைவேற்றியது என்பது கூற்று. ஆகஸ்ட் 9 அதிகாலையில் காந்தி உள்ளிட்ட தலைவர்கள் கைது செய்யப்பட்டார்கள் என்பது காரணம். நெருங்கிய தொடர்பு இருக்கிறது, ஆனால் பின்னால் நடந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது. கைது, தீர்மானத்தின் விளைவு. அந்த ஆண்டின் முற்பகுதியில் கிரிப்ஸ் தூதுக்குழு தோல்வியடைந்தது என்று காரணம் தரப்பட்டிருந்தால் விளக்கம் பொருந்தும். அதே கைதை 'அந்த இயக்கத்தில் பல இடங்களில் மக்கள் தலைமையின்றித் தாங்களாகவே போராடினர்' என்ற கூற்றுக்குக் கீழே வைத்தால் அப்போது அதுவே சரியான விளக்கமாகிவிடும். ஒரே செய்தி ஓரிடத்தில் விளக்கம், இன்னோரிடத்தில் விளைவு. ஆண்டு மட்டும் படித்தால் போதாது, மாதமும் நாளும் வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

பாதிக் காரணம் என்று ஒன்று இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால் அங்கே எனக்கும் முழு நிம்மதி கிடையாது. 'ஈரமான காற்றில் இரும்பு துருப்பிடிக்கிறது' என்பது கூற்று, 'காற்றில் ஆக்ஸிஜன் இருக்கிறது' என்பது காரணம் என்று வைத்துக்கொள்வோம். ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் துரு இல்லை, ஆகவே எடுத்துவிட்டுப் பார்க்கும் சோதனையில் இது தேறிவிடுகிறது. ஆனால் வறண்ட காற்றிலும் அதே ஆக்ஸிஜன் இருக்கிறது, அங்கே இரும்பு துருப்பிடிப்பதில்லை. கூற்று அழுத்திச் சொல்வது 'ஈரமான' என்ற சொல்லை. காரணம் அதைத் தொடவே இல்லை. இங்கே நான் இரண்டாம் விடையைத்தான் குறிப்பேன். கூற்று 'இரும்பு துருப்பிடித்தல் ஓர் ஆக்ஸிஜனேற்ற வினை' என்றும், காரணம் 'துருப்பிடிக்கும்போது இரும்பு ஆக்ஸிஜனுடன் சேர்கிறது' என்றும் இருந்தால் முதல் விடை. எந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்கிறார்கள் என்பதை முதலிலேயே அடிக்கோடு இட்டுவைத்தால் இந்தத் தடுமாற்றத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதிக்கு, பாடநூல் அந்த இடத்தில் 'ஏன்' என்று எதைச் சொல்கிறதோ அதோடு போவதுதான் தேர்வறையில் பாதுகாப்பு.

அவளுடைய ஆறாவது தவறு வேறு ரகம், சொல்லவே வெட்கப்படுவாள். விடைகளின் வரிசை அந்தத் தாளில் மாறியிருந்தது. சில தேர்வுகளில் 'இரண்டும் தவறு' என்பதும் ஒரு விடையாக இருக்கும், சிலவற்றில் இருக்காது. வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு தாளிலும் நான்கு விடைகளையும் ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள், போதும்.

புதிய கேள்வித் தொகுப்புகள் எதுவும் வாங்க வேண்டாம். அடுத்த இரண்டு வாரங்களுக்கு, படித்து முடித்த ஒவ்வொரு பாடத்திலிருந்தும் ஒரு கூற்றை அவளே எழுதட்டும். அதன் கீழே உண்மையான இரண்டு காரணங்களை எழுத வேண்டும்: ஒன்று விளக்க வேண்டும், மற்றது விளக்குவதுபோல ஏமாற்ற வேண்டும். ஏமாற்றும் காரணத்தை எழுதுவது கடினமாக இருக்கும். முதல் நாள் ஒன்றுக்கு அரை மணி நேரம் ஆனாலும் விட்டுவிடுங்கள். நீங்கள் உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. 'இது இல்லாவிட்டாலும் அது நடக்குமா?' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள்.

தொடங்குவதற்கு நானே ஒன்று தருகிறேன். கூற்று: வட இந்தியாவில் ஜனவரி மாதம் குளிர்காலம். காரணம்: சூரியனைச் சுற்றும் பூமியின் பாதை நீள்வட்டமானது. இரண்டும் சரிதான். அவள் விளக்கம் என்று சொன்னால் மறுக்காதீர்கள். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அருகில் இருக்கிறதா தொலைவில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அருகில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு உங்களை நிமிர்ந்து பார்ப்பாள். அப்போது, ஆஸ்திரேலியாவில் ஜனவரி என்ன பருவம் என்று கேளுங்கள்.