பழைய கடனைப் புதியவர் தலையில் கட்டாதீர்கள்

கேள்வி: நாங்கள் இருவர் லாபத்தை 3:2 எனப் பிரித்துக்கொள்கிறோம். ஐந்தில் ஒரு பங்கு கொடுத்து மூன்றாமவரைச் சேர்க்கப் போகிறோம். ஏட்டில் 3,00,000 உள்ள கட்டடம் இன்று 3,40,000 பெறும். 80,000 எனக் காட்டிய சரக்கு 70,000தான் தேறும். ஏட்டிலேயே ஏறாத பழைய பாக்கி ஒன்று 5,000 இருக்கிறது. அதை வரும் ஆண்டுச் செலவில் போட்டுவிடலாம் என்கிறார் கணக்கு எழுதுபவர். சரியா?

பதில்: சரியில்லை. அப்படிப் போட்டால் அந்த 5,000இல் 1,000ஐப் புதியவர் சுமப்பார். கடன் பட்டபோது அவர் நிறுவனத்திலேயே இல்லை.

புதியவர் சேரும் நாளில் மறுமதிப்பீட்டுக் கணக்கு ஒன்றைத் திறங்கள். குறைந்த சரக்கு மதிப்பு 10,000, பதியாத பாக்கி 5,000 இரண்டும் பற்றுப் பக்கம் போகும். கட்டடம் உயர்ந்த 40,000 வரவுப் பக்கம் வரும். முழு மதிப்பான 3,40,000ஐ அங்கே எழுதிவிடுபவர்கள் ஏராளம். வித்தியாசம் மட்டுமே இந்தக் கணக்கில் நுழையலாம். மிஞ்சும் லாபம் 25,000. அதைப் பழைய விகிதத்தில் பிரித்து, உங்கள் இருவரின் முதல் கணக்குகளில் 15,000, 10,000 என வரவு வையுங்கள். புதியவருக்கு இதில் ஒரு காசும் இல்லை. புதிய இருப்புநிலைக் குறிப்பில் கட்டடம் 3,40,000, சரக்கு 70,000; பொறுப்புகள் பக்கம் அந்த 5,000.

கட்டடத்துக்கு மதிப்பீட்டாளரைப் பிடித்துத் தருகிறேன் என்று வரும் தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மதிப்பில் இத்தனை சதவீதம் கூலி என்பவருக்கு, மதிப்பு ஏற ஏற வருமானம். அந்த 40,000 உயர்வு வெறும் காகிதம் என்றால், கட்டடத்தை விற்கும்போது வரும் நட்டத்தில் 8,000 புதியவருடையது. உங்கள் முதலோ முன்பே ஊதியிருக்கும். கூட்டு முறிவதற்கு இது போதும்.

ஒரு விலக்கு உண்டு. ஏட்டு மதிப்புகளை மாற்றவே வேண்டாம் என்று மூவரும் ஒப்புக்கொள்ளலாம். அப்போது சொத்து, பொறுப்புக் கணக்குகளைத் தொடாமல், அதே 25,000ஐ முதல் கணக்குகளிலேயே சரிக்கட்ட வேண்டும். முதலில் பழைய விகிதத்தில் 15,000, 10,000 வரவு. பிறகு மூவரின் புதிய விகிதமான 12:8:5இல் 12,000, 8,000, 5,000 பற்று. நிகரமாக உங்களுக்கு 3,000, 2,000 வரவு. புதியவருக்கு 5,000 பற்று. பிற்பாடு அந்த லாபம் கைக்கு வரும்போது அவருக்கும் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும் என்பதால், அதற்கான விலையை இப்போதே தருகிறார். ஆனால் இந்த வழியில் பழைய பாக்கி ஏட்டுக்கு வெளியேதான் நிற்கும். ஆகவே அதை ஒப்பந்தத்தில் தனியாக எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

இதைப் பாடமாகப் படித்தவர்களுக்குக் கட்டம் போடத் தெரிகிறது. பாக்கியைத் தேடத் தெரிவதில்லை. பரீட்சைத் தாளில் பொறுப்பு எவ்வளவு என்று வினாவிலேயே கொடுத்துவிடுகிறார்களே! நிஜத்தில் அது யார் மேசை இழுப்பறையிலோ கிடக்கும். சரக்கு தந்தவர்கள் எல்லோரிடமும் அந்தத் தேதிக்கான நிலுவையை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே, கணக்கை முடியுங்கள்.