புள்ளிக்கு நேரே புள்ளி நிற்காத கணக்கு

கேள்வி: ஐயா, வீட்டுச் செலவை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறேன். சனிக்கிழமைச் செலவு: ரொட்டி 4.5, கோழி 12.80, உப்பு 0.95, பையன் பஸ் காசு 7, மளிகை 23.05. கையால் கூட்டினால் 37.32 வருகிறது, போனில் தட்டினால் 48.30. எது சரி? இன்னொன்று, வைப்புத்தொகைக்கு மூன்று வங்கிகளில் 3.5, 3.45, 3.405 விழுக்காடு என்கிறார்கள். இலக்கம் அதிகம் இருப்பதால் 3.405தான் பெரியது என்கிறார் வீட்டுக்காரர். அப்படியா?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போன் சொன்னதுதான் சரி, அம்மா. உங்கள் கூட்டலிலும் தப்பில்லை. எண்களை அடுக்கிய விதத்தில்தான் தப்பு. எல்லா எண்ணின் கடைசி இலக்கத்தையும் வலது ஓரத்தில் ஒரே கோட்டில் நிறுத்தியிருப்பீர்கள். முழு எண்ணுக்கு அது சரி. புள்ளி வந்துவிட்டால், கடைசி இலக்கம் எங்கே நின்றாலும் புள்ளிக்கு நேரே புள்ளி நிற்க வேண்டும்.

நீங்கள் அடுக்கியபடி பார்த்தால், ரொட்டியின் 5 ஒற்றைக் காசு வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது. நாலரை வெள்ளி, 45 காசாகிவிட்டது. 7 வெள்ளியின் கதி இன்னும் மோசம், அது வெறும் 7 காசு. புள்ளியே இல்லாமல் எழுதும் முழு வெள்ளிதான் எப்போதும் அதிகம் ஏமாற்றும். 7க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி இருக்கிறது. அதை எழுதிவிட்டு, காசு பக்கம் காலியாக இருக்கும் இடத்தைச் சுழியத்தால் நிரப்புங்கள்:

```
  4.50
 12.80
  0.95
  7.00
 23.05
------
 48.30
```

4.5 என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் புரட்டும்போது அது நாலு வெள்ளி அஞ்சு காசு மாதிரித் தெரியும். ஆனால் நாலு வெள்ளி அஞ்சு காசு என்பது 4.05. இரண்டுக்கும் நடுவே 45 காசு நிற்கிறது.

என் அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். கணக்கு எழுத உட்கார்ந்தால் முதல் வேலையாக வெள்ளிக்கும் காசுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புக் கோடு போடுவார். அந்தக் கோடுதான் புள்ளி. பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட நோட்டு இருந்தால் இன்னும் நல்லது, ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம்.

அவரிடம் கற்ற ஒரு சோதனை உண்டு. இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காசாக எழுதி 9ஆல் வகுத்துப் பாருங்கள். உங்களுக்கு 10.98, அதாவது 1098 காசு. இலக்கங்களைக் கூட்டினால் 18, ஆகவே மீதியில்லாமல் வகுபடும். அப்படி வகுபட்டால் ஏதோ ஓர் எண் இடம் மாறி நிற்கிறது என்று சந்தேகப்படலாம். காரணம் எளிது: 450 காசு 45 ஆனபோது போனது 405, அது 45இன் ஒன்பது மடங்கு. 700 காசு 7 ஆனபோது போனது 693, அது 7இன் தொண்ணூற்றொன்பது மடங்கு. இரண்டையும் கூட்டினால் அதே 1098. ஆனால் 36ஐ 63 என்று இலக்கம் மாற்றி எழுதினாலும் 9ஆல் வகுபடும், சில வேளை தற்செயலாகவும் வகுபடும். அதனால் இது எங்கே தேடுவது என்று மட்டும்தான் காட்டும். வித்தியாசம் சரியாக 10 காசு, 1 வெள்ளி, 10 வெள்ளி என்று வந்தால், மேலே கொண்டுபோன எண்ணை மறந்திருப்பீர்கள்.

மளிகை ரசீதையும் ஒருமுறை பாருங்கள். அதில் 23.07 என்று இருந்து, ரொக்கமாக 23.05 கொடுத்திருந்தால் நோட்டில் 23.05தான் எழுத வேண்டும். 2008 ஏப்ரலிலிருந்து ரொக்கத்துக்கு மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிக்கட்டுகிறார்கள். கார்டில் கட்டினால் 23.07 அப்படியே போகும்.

இனி உங்கள் வீட்டுக்காரர் வழக்கு. இலக்கம் நீளமாக இருந்தால் எண் பெரியது என்பது முழு எண்ணோடு முடிந்தது. இங்கேயும் புள்ளியை நேராக்கிச் சுழியம் போடுங்கள்: 3.500, 3.450, 3.405. கூட்டும்போது வலமிருந்து வருவோம், ஒப்பிடும்போது இடமிருந்து போக வேண்டும். மூன்றிலும் 3 இருக்கிறது. புள்ளிக்கு அடுத்த இலக்கம் முதலாவதில் 5, மற்ற இரண்டிலும் 4. ஆக 3.5தான் பெரியது. மிஞ்சிய இரண்டில் அடுத்த இலக்கம் 5, 0. எனவே 3.45 இரண்டாவது, 3.405 கடைசி.

5,000 வெள்ளியை ஓராண்டு போட்டால் வட்டி வரிசையாக 175.00, 172.50, 170.25. முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 4.75 வெள்ளி. 3.5 தரும் வங்கி கோலகங்சாரில் இருந்தால், போகவர பஸ் காசை அதில் கழித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.