பெரியவனா, பெரியவளா?

அன்புள்ள ஐயா,

எங்கள் அப்பத்தா பேசியதைச் சித்தப்பா 1988இல் கேசட்டுகளில் பதிவு செய்து வைத்திருந்தார். குடும்ப வரலாற்றுக்காக இப்போது அதை எழுத்தில் கொண்டுவருகிறேன். காதில் விழுகிறபடியே எழுதினால் பிள்ளைகளால் படிக்க முடியவில்லை. எழுத்துத் தமிழுக்கு மாற்றிவிடு என்கிறார் அத்தை. தனுஷ்கோடிப் புயல் இரவைப் பற்றி "பெரியவ வந்து சொன்னா, அப்புறந்தான் கெளம்புனோம்" என்று ஓரிடத்தில் வருகிறது. தான்தான் சொன்னேன் என்கிறார் அத்தை. இல்லை, நான்தான் என்கிறார் பெரியப்பா. எப்படி எழுதுவது?

ஒரு வாசகி, மண்டபம்

அன்புள்ள சகோதரிக்கு,

எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். அத்தை கேட்கும் வடிவத்தைப் பேச்சு வடிவத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். ஆனால் மாற்றி எழுதியதிலிருந்து அப்பத்தாவின் பேச்சைத் திரும்பப் பெற முடியாது. அதற்காக முழுக்க ஒலிப்படி எழுதுவதும் சரியல்ல. அதனால் வரும் சிக்கல்தான் உங்கள் வரியில் இருக்கிறது.

நம் பேச்சில் 'சொன்னான்' என்பதன் கடைசி ன் தனியாகக் கேட்காது, மூக்கொலியாகக் கரைந்துவிடும். 'சொன்னாள்' என்பதில் ள் அறவே விழுந்துவிடும். 'சொன்னால்' என்பதும் 'சொன்னா'தான். காதுக்கு அந்த மூக்கொலி தெரியும், ஆனால் நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. அதனால் மூன்றையும் 'சொன்னா' என்றே எழுதி, யார் செய்தார் என்பதையே தொலைத்துவிடுகிறோம். 'பெரியவ' என்பதிலும் இதே கதிதான். எனவே ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். விழுந்துபோன கடைசி ன், ள், ல் மூன்றையும் எழுத்தில் திரும்பப் போடுங்கள். மற்றபடி கெளம்புனோம், அப்புறந்தான் எல்லாம் அப்படியே இருக்கட்டும். பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் கடைசி எழுத்து இல்லாததால்தான்.

சரி, பெரியவனா பெரியவளா? ஹெட்போன் போட்டு, அந்த வரியை வேகம் குறைத்துக் கேளுங்கள். 'சொன்னா'வின் முடிவில் குரல் மூக்குக்குள் போனால் அது பெரியப்பா. வாய் திறந்தபடியே முடிந்தால் அத்தை. பழைய நாடாவில் இது தெளிவாகக் கேட்காமலும் போகலாம். அப்போது வேறு வழி உண்டு. பின்னால் ஓர் உயிரொலி சேர்ந்தால், விழுந்த எழுத்து தானாகத் திரும்பி வந்துவிடும். 'சொன்னானே, சொன்னாளே', 'பெரியவனுக்கு, பெரியவளுக்கு', 'சொன்னானாம், சொன்னாளாம்' என்று. அதே பேச்சில் முன்னும் பின்னும் பத்து நிமிடம் தேடுங்கள். ஒரே ஆளைப் பற்றி அவ்வளவு நேரம் பேசுகிறவர் வேற்றுமை உருபு சேர்க்காமல் இருப்பது அரிது. ஆனால் அந்த 'பெரியவளுக்கு' இதே சம்பவத்தின் தொடர்ச்சியில் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் மாறி மாறிப் பேசியிருப்பார்.

இதற்கெல்லாம் முன்னால், கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றிய கோப்பு மந்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்த ரெக்கார்டர் ஒன்று, இப்போது ஓட்டுவது வேறொன்று. நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட் இரண்டிலும் ஒரே கோணத்தில் இருக்காது. அதனால் கூர்மையான ஒலிகள் மங்கி, மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பும். நம் கடற்கரைப் பேச்சில் இது பெரிய ஆபத்து. 'கச்சான் வந்துட்டா கரைசேர முடியாது' என்று மேலைக்காற்றைச் சொன்னது, மங்கிய ஒலியில் 'மச்சான் வந்துட்டா' என்று கேட்டு, குடும்பத்தில் இல்லாத ஒரு சண்டையே உருவாகிவிடும். வாடை, கொண்டல், சோழகம் என்ற காற்றுப் பெயர்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் புரியாத இடத்தை, பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ கடலுக்குப் போகும் வயதானவரிடம் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் கேட்ட சொல்லை முதலில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவருக்கும் அதுவே கேட்கும்.

மந்தத்தைச் சரிசெய்ய, ஹெட்டின் ஓரத்தில் சுருள்வில்லோடு இருக்கும் சிறு திருகைக் கேசட் ஓடும்போதே மிக மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரின் ஒலியையும் மோனோவில் சேர்த்துக் கேட்டால், சரியான இடத்தில் ச, ட ஒலிகள் சட்டென்று கூர்மையாவது தெரியும். இதைச் செய்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மங்கிப் பதிவான கோப்பைக் கணினியில் கூர்மையாக்கினால் இரைச்சல்தான் ஏறும். ஒலியைச் சுருக்காத WAV கோப்பாகவே சேமியுங்கள். ஓட்டுவதற்கு முன் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். தெரியாமல் ரெக்கார்ட் பட்டனில் கை பட்டாலும் அழியாது.

இவ்வளவுக்கும் பிறகு தெளிவு கிடைக்கவில்லை என்றால் 'பெரியவ[ன்/ள்] வந்து சொன்னா[ன்/ள்]' என்று இரண்டையும் அடைப்பில் எழுதி, கேசட் எண்ணையும் நிமிடத்தையும் பக்கத்தில் குறியுங்கள். அடியில் அத்தை சொல்வதையும் பெரியப்பா சொல்வதையும் அவரவர் சொற்களில், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்பதோடு சேருங்கள். 1964 டிசம்பர் 22 இரவில் இருவரும் அந்த வீட்டில் இருந்தவர்கள். அப்பத்தாவைப் போலவே அவர்களும் சாட்சிகள்தான்.