குழி வெட்டிப் பார்த்த செம்மண்: ஆல்ஃபிசாலா, அல்டிசாலா, இன்செப்டிசாலா?

கேள்வி: வணக்கம் ஐயா. தோட்டத்தில் ஆளுயரக் குழி எடுத்து, அடுக்கு அடுக்காக மண்ணை ஆய்வுக்கு அனுப்பினேன். களி அளவு: 0–16 செ.மீ. உழவு மண்ணில் 15%, அதன் கீழே 26 செ.மீ. வரை வெளிறிய மண்ணில் 16%, 26–50 செ.மீ. 27%, 50–92 செ.மீ. 35%, 92–130 செ.மீ. 24%. 130-க்குக் கீழே மண்வெட்டியில் வெட்டுப்படும் மக்கிய பாறை. 26-க்குக் கீழே மண் கட்டிகளின் பக்கங்கள் பளபளக்கின்றன. மண் நல்ல சிவப்பு என்பதால் ஒருவர் அல்டிசால் என்கிறார், இன்னொருவர் இன்செப்டிசால் என்கிறார், மூன்றாமவர் ஆல்ஃபிசால் என்கிறார். ஆண்டு முழுவதும் வெப்பமான இடம். மழை ஓய்ந்த பிறகு சுமார் ஐந்து மாதம் நிலம் காய்ந்து கிடக்கும், ஆனால் எனக்குச் சொட்டுநீர் இருப்பதால் மண் எப்போதும் ஈரம்தான். எதை எடுத்துக்கொள்வது? ஆய்வறிக்கையை இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். உங்கள் மண் ஆல்ஃபிசால். அதன் துணை வரிசை அஸ்டால்ஃப். ஆனால் மூன்று பேர் மூன்று பெயர் சொல்லியிருப்பதால், இந்தப் பெயருக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்களே அவர்களிடம் பேசிக்கொள்ளலாம்.

அவர்கள் சொல்வது அமெரிக்க வேளாண் துறையின் மண் வகைப்பாட்டுப் பெயர்கள். அதில் 12 வரிசைகள். அவற்றில் எது நம் மண்ணுக்கு ஒத்துப்போகிறது என்று பொதுவாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வரிசையாக வைத்த சல்லடைகள் போல, மேலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். முதலில் எதில் மண் நிற்கிறதோ அதுதான் அதன் பெயர். உங்கள் குழிக்கு முதல் ஆறு கேள்விகளும் வேலையில்லாதவை: உறைபனி நிலம், மட்கு நிலம், எரிமலைச் சாம்பல் முதலியவை அங்கே வருகின்றன. வெடிப்பு விடும் கரிசலான வெர்டிசாலுக்கு மேலிருந்து கீழ் வரை குறைந்தது 30% களி வேண்டும். உங்கள் மேல்மண்ணில் அதில் பாதிதான் இருக்கிறது. அதன் பிறகு வருகிற வரிசை இது: அரிடிசால், அல்டிசால், மாலிசால், ஆல்ஃபிசால், இன்செப்டிசால், எண்டிசால். உங்கள் வழக்கு இதற்குள்தான் முடிகிறது.

இந்த இடத்தில் எல்லாமே ஆர்ஜிலிக் அடுக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மேலிருந்து நீரோடு இறங்கிய நுண்களி கீழே வந்து படிந்து உருவான அடுக்குக்குத்தான் அந்தப் பெயர். அது இல்லையென்றால் இன்செப்டிசால் சொன்னவர் பக்கம் நியாயம் போய்விடும்.

முதலில் எண்கள். மேலே உள்ள அடுக்கில் களி 15 முதல் 40 விழுக்காட்டுக்குள் இருந்தால், கீழ் அடுக்கில் அதைவிடக் குறைந்தது 1.2 மடங்கு இருக்க வேண்டும், அந்த உயர்வு 30 செ.மீ. ஆழத்துக்குள் நிகழ வேண்டும். உங்கள் வெளிறிய அடுக்கு 16%, 1.2 மடங்கு என்றால் 19.2%. 26 செ.மீ.க்குக் கீழேயே 27% வந்துவிட்டது. கனமும் போதும். அந்த வெளிறிய 10 செ.மீ.யை விட்டுவைத்த உங்கள் உழவுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆழ உழுது அதையும் கலந்திருந்தால், ஒப்பிடக் கலையாத மேலடுக்கே இருந்திருக்காது. உழவு மண் நேராகக் களி அடுக்கின்மேல் உட்கார்ந்திருக்கும் நிலங்களில் இந்த மடங்குக் கணக்கைக் கேட்பதில்லை, படிந்த களியின் தடயத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

எண்கள் மட்டும் போதாது. மேலே மணல் வண்டல் ஒரு காலத்திலும் கீழே களி வண்டல் இன்னொரு காலத்திலும் வந்து சேர்ந்த நிலத்திலும் இதே எண்கள் வரும். அங்கே களி எங்கிருந்தும் இறங்கவில்லை. இதைப் பிரித்தறிய அறிக்கையில் உள்ள மணல் பகுதியைப் பார்த்தேன். களி நகரும், மணல் நகராது. ஆகவே ஒரே தாய்ப்பொருளிலிருந்து வந்த மண் என்றால் பருமணலுக்கும் நுண்மணலுக்கும் உள்ள விகிதம் மேலேயும் கீழேயும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். உங்கள் வெளிறிய அடுக்கில் பருமணல் 40%, நுண்மணல் 32%, விகிதம் 1.25. அதற்குக் கீழே 33-க்கு 27, அதற்கும் கீழே 28-க்கு 23, இரண்டிலும் 1.22. கூழாங்கல் வரிசையும் எதுவும் குழியில் இல்லை என்று படத்தில் தெரிகிறது. ஒரே பாறை மக்கி வந்த மண்தான் இது.

அடுத்தது நீங்கள் சொன்ன பளபளப்பு. இதில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். களி விரிந்து சுருங்கும்போது கட்டிகள் ஒன்றோடொன்று உரசியும் பக்கங்கள் பளபளக்கும். அது படிந்த களி அல்ல, வெறும் அழுத்தத் தடயம். கையில் ஒரு கட்டியை உடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் உடைந்த ஓரத்தைப் பாருங்கள். படிந்த களி என்றால் கட்டியின் உட்புறத்திலிருந்து வேறுபட்ட ஒரு மெல்லிய தோல் தெரியும், மணற்பரல்களை அது மூடியிருக்கும், ஊசி முனையால் கீறினால் செதிலாக வரும். உரசல் பளபளப்பில் மேலும் உள்ளும் ஒரே பொருள்தான், மணற்பரல்கள் துருத்திக்கொண்டு நிற்கும். இன்னும் நம்பகமான இடம் பழைய வேர்த் துளைகளின் உட்சுவர். அங்கே உரசல் நிகழ வழியில்லை; துளை உள்ளே பூசினாற்போல வழவழப்பாக இருந்தால் நீரோடு வந்த களிதான். நீங்கள் அனுப்பிய நெருக்கப் படத்தில் 50 செ.மீ. அளவில் இரண்டு துளைகளில் அப்படிப் பூச்சு தெளிவாகத் தெரிகிறது. ஆர்ஜிலிக் அடுக்கு உறுதி. இன்செப்டிசால் இதோடு விலகிவிடுகிறது.

இனி அல்டிசாலா ஆல்ஃபிசாலா என்பது நிறத்தால் தீர்மானமாவதில்லை. இரண்டுமே சிவப்பாக இருக்கலாம். வேறுபாடு காரச் செறிவில்: மண்ணின் பிடிமான இடங்களில் எத்தனை பங்கில் சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம் உட்கார்ந்திருக்கின்றன என்பதில். 35 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அல்டிசால், அதற்கு மேலே ஆல்ஃபிசால்.

எங்கே அளப்பது என்பதில் கவனம் வேண்டும். சுண்ணாம்பும் உரமும் இட்டு இட்டு மேல்மண்ணின் செறிவு செயற்கையாக ஏறியிருக்கும். அதனால் ஆழத்தில்தான் பார்க்க வேண்டும். ஆர்ஜிலிக் அடுக்கின் உச்சியிலிருந்து 125 செ.மீ. கீழே, அல்லது நிலமட்டத்திலிருந்து 180 செ.மீ., அல்லது பாறைக்குச் சற்று மேலே. இவற்றில் எது மேலாக வருகிறதோ அது. உங்களுக்கு முதலாவது 151 செ.மீ.யில் வருகிறது, பாறையோ 130-லேயே வந்துவிட்டது. ஆகவே 92–130 அடுக்கின் அடிப்பகுதி மாதிரிதான் செல்லும். மேல்மண்ணின் 58% என்ற எண்ணை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

அந்த அடுக்கின் அறிக்கையில் நான்கு காரங்களின் கூட்டு 4.2, அம்மோனியம் அசிடேட் முறையில் பரிமாற்றத் திறன் 8.4. ஆய்வகம் இரண்டையும் வகுத்து 50% என்று போட்டிருக்கிறது. கணக்குத் தவறில்லை, ஆனால் 35 என்ற எல்லை அந்த முறைக்கானது அல்ல. அல்டிசால் எல்லை, அமில-கார நிலை 8.2-இல் வடித்தெடுத்த அமிலத்தன்மையைக் காரங்களோடு கூட்டி வரும் தொகைக்கு எதிரானது. உங்கள் அறிக்கையில் அந்த அமிலத்தன்மை 5.1 என்று தனியாக இருக்கிறது. 4.2 + 5.1 = 9.3; 4.2 ÷ 9.3 என்றால் 45%. எல்லைக்கு மேலேதான். ஆல்ஃபிசால்.

உங்கள் மண்ணில் இரண்டு முறையும் ஒரே விடைக்கு வந்துவிட்டன. எப்போதும் அப்படி வராது. ஒரு மண்ணில் காரம் 3.1, அசிடேட் முறைத் திறன் 7.0 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 44% என்று அறிக்கை வரும், ஆல்ஃபிசால் என்று எழுதிவிடுவார்கள். அதே மண்ணின் அமிலத்தன்மை 6.9 என்றால் 3.1 ÷ 10.0, அதாவது 31%. அது அல்டிசால். அசிடேட் முறையில் 50-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ எண் வந்தால், 8.2-இல் அமிலத்தன்மையைக் கேட்டு வாங்காமல் பெயர் எழுதக் கூடாது. சாதாரண உர ஆய்வில் அதை அளக்க மாட்டார்கள். தனியாகச் சொல்ல வேண்டும்.

மாலிசாலை ஒரு வரியில் கடக்கலாம்: அதற்குக் கறுத்த, மட்கு நிறைந்த மேல்மண் வேண்டும், உங்களுடையது சிவப்புப் பழுப்பு.

இனி ஈரம். வரிசைப் பட்டியலில் அரிடிசால் மேலே இருப்பதால்தான் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆர்ஜிலிக் அடுக்கும் காரச் செறிவும் அப்படியே இருந்தாலும், மண் வறண்ட ஈரநிலையில் இருந்தால் அது அரிடிசால் ஆகிவிடும். ஆல்ஃபிசால் வரை வரவே வராது. இதைப் பார்க்கும்போது சொட்டுநீரை மறந்துவிடுங்கள். பாசனம் இல்லாமல் மழையில் மட்டும் விடப்பட்ட நிலம் எப்படி இருக்கும் என்பதே கணக்கு, அதுவும் மழை வழக்கமான அளவில் பெய்த ஆண்டில். கடும் வறட்சி ஆண்டை வைத்து முடிவெடுத்தால் பல நிலங்கள் தவறாக அரிடிசால் ஆகும்.

கவனிக்க வேண்டிய ஆழம் மண்ணின் நயத்தைப் பொறுத்தது. ஆர்ஜிலிக் அடுக்கின் மேல் 50 செ.மீ.யில் உங்கள் சராசரிக் களி சுமார் 31%. இப்படிப்பட்ட மண்ணுக்கு ஏறக்குறைய 10 முதல் 30 செ.மீ. வரை உள்ள பகுதி. மணற்பாங்கான மண்ணில் இது 30-லிருந்து 90 வரை இறங்கும். காய்ந்தது என்றால் தூசியாக உதிர்வது என்று பொருளல்ல. பயிர் நிரந்தரமாக வாடும் அளவுக்குக் கீழே ஈரம் போய்விட்டது என்று பொருள். பாசனம் படாத ஓரத்தில் புல் இரவு கடந்தும் தலைநிமிராமல் கிடந்தால், அந்த ஆழம் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெப்பமான இடத்தில் அஸ்டிக் ஈரநிலை என்பது இது: அந்தப் பகுதியின் ஏதாவது ஒரு பங்கு ஆண்டில் மொத்தம் 90 நாளோ அதற்கு மேலோ காய்ந்திருக்கும், ஆனால் ஏதாவது ஒரு பங்கு மொத்தம் 180 நாளுக்கு மேல், அல்லது தொடர்ந்து 90 நாளாவது ஈரமாக இருக்கும். உங்கள் ஐந்து மாதம் 150 நாள். முதல் விதி நிறைவேறியது. மீதி ஏழு மாதத்தில் இடைக்காய்ச்சலைக் கழித்தாலும் 180 நாள் ஈரம் கிடைக்கும். வறண்ட நிலை என்றால் முழுப் பகுதியும் ஆண்டில் பாதிக்கு மேல் காய்ந்திருக்க வேண்டும், தொடர்ந்து 90 நாள் ஈரமும் கிடைக்கக் கூடாது. உங்கள் நிலம் அதிலிருந்து நன்றாகவே தள்ளி இருக்கிறது. காய்ந்த நாள்கள் மொத்தம் 90-க்குக் குறைவாக இருந்திருந்தால் யூடிக், பெயரும் யூடால்ஃப் ஆகியிருக்கும். வரிசை அப்போதும் ஆல்ஃபிசால்தான்.

அடுத்த படியான பெருங்குழுவுக்கு நிறம் தேவை. செம்மை அதிகமான ஆர்ஜிலிக் அடுக்குக்கு ரோடஸ்டால்ஃப் என்ற தனிப் பெயர் உண்டு. அதற்கு நிறம் அட்டையில் 2.5 ஒய்.ஆர். அல்லது அதைவிடச் சிவப்பாக, ஈரத்தில் ஒளிர்வு 3-க்கு மிகாமல், காய்ந்தபோது அதிலிருந்து ஒரு படிக்கு மேல் ஏறாமல் இருக்க வேண்டும். கைப்பேசிப் படத்தில் இதைச் சொல்ல முடியாது. 26 செ.மீ. முதல் பாறை வரை ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கட்டியை நிழலில் அல்லாமல் வெயிலில் வைத்து, நனைத்தும் காயவிட்டும் முன்செல் நிறஅட்டையோடு ஒப்பிட்டு எழுதி அனுப்புங்கள்.

குழியை மூடுவதற்கு முன் ஒரு வேலை. 50 செ.மீ. ஆழத்தில், வேர்த் துளைகள் உள்ள ஒரு கட்டியைக் கலையாமல் எடுத்து ஒரு டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். இன்செப்டிசால் சொன்னவர் திரும்பவும் மறுத்தால், அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லலாம். ஒரு திசையில் படிந்த களி 1%-க்கு மேல் தெரிந்தால் பேச்சு முடிந்தது.