மூடாத கண்ணாடிக் கூடு

கேள்வி: பாகப்பிரிவினைச் சண்டையை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். அப்பா இறந்தபின் அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள் ஓர் அடகுச் சீட்டு கிடைக்கிறது. அண்ணன் தன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் தம்பியைப் படிக்க வைத்தான் என்று தெரிந்து தம்பி மனம் மாறுகிறான். முதல் பக்கத்திலேயே மேசைமேல் அந்தக் கூட்டைக் காட்டிவிட்டேன். இருந்தும் படித்தவர்கள் எல்லாரும் ‘வசதியாகச் சீட்டு கிடைத்துவிட்டதே’ என்கிறார்கள். ஊரில் இருக்கும் என் அப்பாவின் கூட்டை நினைத்துத்தான் எழுதினேன் (அது சரியாக மூடாது, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார்). எங்கே தவறினேன்?

பதில்: அடைப்புக்குறிக்குள் தவறினீர்கள். மூடாத கூடு, அதன்மேல் ஒரு ரப்பர் பேண்டு. கடிதம் முழுக்க நீங்கள் கண்ணால் பார்த்து எழுதியது அது ஒன்றுதான். அதைக் கதையில் விட்டுவிட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கூடு ஏன் மூடாது? கீல் தேய்ந்துவிட்டதா, கீழே விழுந்து நசுங்கியதா, உள்ளே எதையாவது மடித்து வைத்திருக்கிறாரா? அப்பாவிடம் ஒரு நாளாவது கேட்டதுண்டா? கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். பெற்றவர் தினமும் ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றி மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பது பிள்ளைக்கு அழகில்லை, தம்பி. உங்கள் கதைக்கு வந்த கேடும் அதிலிருந்து வந்ததுதான். கூட்டைப் பற்றி உங்களுக்கே ஒன்றும் தெரியாது. அதனால் கதையில் அது மேசைமேல் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும் பொருளை வாசகர் மறந்துவிடுவார். மறக்காதவர், இதை எதற்கோ இங்கே வைத்திருக்கிறான் என்று மோப்பம் பிடித்துவிடுவார். இரண்டிலும் கடைசிப் பக்கம் கெட்டுப்போகும்.

சிலப்பதிகாரத்தை எடுத்து, சிலம்பு எங்கெங்கே வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். கோவலன் மாதவியிடம் போன பிறகு, அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை என்று ஒரு வரி வருகிறது. இடுப்பில் மேகலை இல்லை, மார்பில் குங்குமம் இல்லை என்று அடுக்கும்போது அதுவும் ஒன்றாக வருகிறது. படிக்கிறவருக்கு அங்கே தெரிவது ஒரு பெண்ணின் துயரம்தான். ஒரு பொருளை நட்டு வைக்கிறார்கள் என்ற நினைப்பே எழாது. அந்த வரிக்கு அந்த இடத்திலேயே வேலை இருக்கிறது, அதனால் பின்னால் வேறு வேலைக்கும் அது வரப்போகிறது என்று யாரும் சந்தேகப்படுவதில்லை.

அப்புறம் கனாத்திறம் உரைத்த காதை. குலம் சேர்த்த பொருளையெல்லாம் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்று கோவலன் திரும்பி வந்து நிற்கிறான். மாதவிக்குக் கொடுக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு, முகத்தில் சிறு சிரிப்போடு, ‘சிலம்பு உள கொண்ம்’ என்கிறாள் அவள். சிலம்பு எப்படி மிஞ்சியது என்று நாம் கேட்பதில்லை. அவள் அதைப் போட்டுக்கொள்ளாமல் வைத்திருந்தாள் என்பது மனதில் எங்கேயோ பதிந்திருக்கிறது. கொலைக்களக் காதையில் அதன் வெளிவேலைப்பாட்டைப் பொற்கொல்லன் பார்க்கிறான். உள்ளே என்ன பரல் என்ற கேள்வி அரசவையில் எழுகிறது. கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அவள் உடைக்கிறாள், மணி மன்னன் வாயருகே தெறிக்கிறது.

இதிலும் தற்செயல் உண்டு, பெரிய தற்செயல். அரசியின் சிலம்பைத் திருடியவன் எவனோ அவனிடமே கோவலன் விற்கப் போகிறான். யாரும் முகம் சுளிப்பதில்லை, ஏனென்றால் அந்தத் தற்செயல் அவனைக் கொல்கிறது. முடிச்சு போடுகிற தற்செயலை வாசகர் பொறுத்துக்கொள்வார். முடிச்சை அவிழ்க்க வருவதைப் பொறுக்க மாட்டார். உங்கள் சீட்டு அவிழ்க்க வருகிறது, அதுவும் சண்டை உச்சத்தில் இருக்கும்போது.

சரி, கதையைக் கையில் எடுப்போம். கூடு மூடாததற்குக் காரணம் அந்தச் சீட்டே என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் துணியைப் பிரித்து, அடியில் எட்டாக மடித்து வைத்து, மறுபடி ஒட்டியிருக்கிறார். அந்தத் தடிப்பால் மூடி ஒட்டாமல் நிற்கிறது, அதனால் ரப்பர் பேண்டு. இப்போது முதல் பக்கத்திலிருந்தே சீட்டு வாசகர் கண்முன் இருக்கிறது, ஆனால் அவர் பார்ப்பது ஒரு கிழவரின் சிக்கனத்தை. பேரன் அந்த ரப்பர் பேண்டை உருவிக்கொண்டு ஓடட்டும். அதட்டியே பழகாத மனிதர் அன்றைக்குக் குரல் உயர்த்தட்டும், வீடே திரும்பிப் பார்க்கட்டும். காரணம் எழுதாதீர்கள். வயசானால் கோபம் வரும் என்று மருமகள் சொல்லிவிட்டு உள்ளே போனால் போதும். இது நடுவில் ஒரு முறை வர வேண்டும். முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் நடுவே யார் கையும் படாத பொருள், கடைசியில் வானத்திலிருந்து விழுந்ததுபோல்தான் இருக்கும்.

அடகுச் சீட்டைப் பற்றியும் நீங்கள் யோசிக்கவில்லை. நகையை மீட்டால் கடைக்காரர் சீட்டை வாங்கிக்கொள்வார். சீட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது என்றாலே சங்கிலி திரும்பவில்லை என்று அர்த்தம். தேதி தம்பி கல்லூரியில் சேர்ந்த மாதம், பெயர் அண்ணனுடையது, சங்கிலியின் எடை, கொடுத்த தொகை. அப்பா அதை அண்ணனிடமிருந்து வாங்கி, நான் மீட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முடியவில்லை. மருமகளின் நகையைத் திருப்பித் தர முடியாதவர் அதைப் பீரோவில் வைப்பாரா? நாள் முழுக்கச் சட்டைப் பையில் தன்னோடு இருக்கும் பொருளுக்குள்தான் ஒளிப்பார். ஒளித்த இடத்திற்கு இப்படி ஒரு மனசு இருந்தால் ‘வசதி’ என்ற பேச்சே எழாது.

கடைசியாக, தம்பி அதை எப்படிக் காண்கிறான்? அலமாரியைச் சுத்தம் செய்யும்போது என்று எழுதாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பத்திரம் பதிவாகி முடிந்துவிட்டது. அண்ணன் குடும்பம் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நாற்பது தாண்டிய தம்பிக்கும் கண்ணாடி வந்துவிட்டது. அப்பாவின் பொருளில் ஒன்றாவது தன்னிடம் இருக்கட்டும் என்று அந்தக் கூட்டைக் கேட்டு வாங்கி வைத்திருந்தான், தன் கண்ணாடியை அதில் வைக்கிறான். மூடி மூடவில்லை. அழுத்துகிறான், அப்போதும் மூடவில்லை. விரலை விட்டுத் துணியைப் பிரிக்கிறான். அப்பாவின் மேல் உள்ள ஆசைதான் அவனை அங்கே கொண்டுவருகிறது, சீட்டு அவனைத் தேடி வரவில்லை. அவன் மனம் மாறினான் என்று ஒரு வரிகூட வேண்டாம். கூடப் பிறந்தவனுக்கும் அண்ணிக்கும் பட்ட கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் தீராது என்று நான் நம்புகிறேன்; உங்கள் தம்பியும் நம்பினால் அடுத்த பஸ்ஸில் ஏறுவான், அதை மட்டும் எழுதுங்கள்.

அதற்கு முன்னால் நீங்கள் ஒரு பஸ்ஸில் ஏற வேண்டும். ஊருக்குப் போங்கள். புதுக் கூடு வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கூட்டைக் கையில் வாங்கி, இது ஏன் மூடமாட்டேன் என்கிறது என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை கதையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.