ஒரு மதிப்பெண் வினாவிலிருந்து ஆரம்பித்தால் புளூபிரிண்ட் கணக்கு இடிக்கும்

கேள்வி: பி.எட். படிக்கிறேன். 9ஆம் வகுப்பு இயற்பியலில் நான்கு பாடங்களுக்கு 50 மதிப்பெண் தேர்வு, அதற்கு புளூபிரிண்ட் போட வேண்டும். 1 மதிப்பெண் 10, 2 மதிப்பெண் 5, 4 மதிப்பெண் 4, 7 மதிப்பெண் 2. ஒரு மதிப்பெண் வினாக்களை 3, 3, 2, 2 என்று பிரித்துவிட்டு மற்றதைப் போட்டால் எப்படியும் ஒரு பாடத்தில் கணக்கு இடிக்கிறது. கடினநிலையை வேறு காட்டச் சொல்கிறார்கள். எப்படிப் போடுவது?

பதில்:

பல வருடங்களாக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். உங்கள் கூட்டலில் தவறில்லை. 3, 3, 2, 2 என்ற அந்தப் பிரிப்புதான் சிக்கல். ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் பாடங்களின் எடையைப் பார்ப்போம்.

ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மதிப்பெண் என்பதைப் புத்தகத்தின் பக்க எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். படங்கள் நிறைந்த பாடம் பக்கத்தை அடைத்துக்கொள்ளும். வகுப்பில் எத்தனை பாடவேளை செலவானது என்பதுதான் சரியான அளவு. உதாரணத்துக்கு அளவீடு 6, இயக்கம் 10, பாய்மங்கள் 8, மின்னூட்டமும் மின்னோட்டமும் 6, மொத்தம் 30 பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். இயக்கத்துக்கு 10-ஐ 30-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் 16.67 வரும். பாய்மங்களுக்கு 13.33. முழு எண்ணாக்கினால் 10, 17, 13, 10. கூட்டினால் 50. இந்த நான்கு எண்களும் அட்டவணையின் வலது ஓரத்தில் போய் உட்காரட்டும். கீழ் ஓரத்தில் வினா வகைகளின் மொத்தம் வரும்: 10, 10, 16, 14. அதுவும் 50தான்.

இனி நடுவில் நிரப்ப வேண்டும். எல்லோரும் இடப்பக்கம் முதலில் இருக்கும் ஒரு மதிப்பெண் பத்தியில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் வலப்பக்கத்திலிருந்து, பெரிய வினாவிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு மதிப்பெண் வினா எந்த இடைவெளியிலும் பொருந்தும். 7 மதிப்பெண் வினா அப்படிப் பொருந்தாது. உங்கள் வழியில் போய்ப் பாருங்கள்: மின் பாடத்துக்கு இரண்டு ஒரு மதிப்பெண், ஒரு இரண்டு மதிப்பெண் கொடுத்தால் 4 போய் 6 மீதி. நான்கு மதிப்பெண் வினாவை வைத்தால் 2 மிஞ்சும், ஏழு வைக்கவே முடியாது.

சரி, 3, 3, 2, 2 இங்கே பொருந்தாது என்று எப்படிச் சொல்கிறேன்? 2, 4 இரண்டும் இரட்டைப்படை எண்கள். ஒரு பாடத்தில் 7 மதிப்பெண் வினா இல்லை, மொத்தம் 10 என்றால் அங்கே ஒரு மதிப்பெண் வினாக்கள் இரட்டைப்படையில் இருந்தாக வேண்டும். 7 மதிப்பெண் வினா ஒன்று இருந்து மொத்தம் 17 அல்லது 13 என்றால், 7 போக மிஞ்சுவது 10 அல்லது 6. அங்கேயும் இரட்டைப்படைதான். இரண்டு 7 மதிப்பெண் வினாக்களையும் இயக்கம், பாய்மங்கள் இரண்டுக்கும் கொடுத்தால் நான்கு பாடத்திலும் இரட்டைப்படை தேவை. வேறு எங்காவது வைத்தால் சில பாடங்களில் ஒற்றைப்படை தேவைப்படும், ஆனால் அப்போது எடை அதிகமுள்ள பாடத்துக்குப் பெரிய வினா இல்லாமல் போகும். அதனால் எல்லாப் பாடத்திலும் ஒரு மதிப்பெண் வினா இருக்க வேண்டுமென்றால் 4, 2, 2, 2 என்றுதான் பிரிக்க வேண்டும். பாட மொத்தங்களை எழுதியவுடனே இந்த ஒற்றை, இரட்டை சோதனையைச் செய்துவிட்டால் ஒரு மணி நேர அழித்தெழுதல் மிச்சமாகும்.

பெரியதிலிருந்து வந்தால் இப்படி முடியும்:

| பாடம் | 1 மதிப்பெண் | 2 மதிப்பெண் | 4 மதிப்பெண் | 7 மதிப்பெண் | மொத்த மதிப்பெண் |
|---|---|---|---|---|---|
| அளவீடு | 4 | 1 | 1 | – | 10 |
| இயக்கம் | 2 | 2 | 1 | 1 | 17 |
| பாய்மங்கள் | 2 | 2 | – | 1 | 13 |
| மின்னூட்டமும் மின்னோட்டமும் | 2 | – | 2 | – | 10 |
| வினா எண்ணிக்கை | 10 | 5 | 4 | 2 | |
| மதிப்பெண் | 10 | 10 | 16 | 14 | 50 |

கட்டத்துக்குள் இருப்பது வினாக்களின் எண்ணிக்கை. சில கல்லூரிகளில் மதிப்பெண்ணை வெளியிலும் எண்ணிக்கையை அடைப்புக்குள்ளும் எழுதச் சொல்வார்கள், வேறு சில இடங்களில் நேர்மாறாக. எதுவானாலும் அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் திருத்துகிறவர் 2-ஐ நான்காகப் படிப்பார்.

எக்செல்லில் போடுகிறீர்கள் என்றால் B1 முதல் E1 வரை 1, 2, 4, 7 என்று எண்களாக எழுதிவிட்டு, ஒவ்வொரு பாடத்தின் மொத்தத்துக்கும் இது போதும்:

```
=SUMPRODUCT(B2:E2,$B$1:$E$1)
```

அப்புறம் கடினநிலை. நான் வழக்கமாக எளிது 30, நடுத்தரம் 50, கடினம் 20 சதவீதம் என்று வைப்பேன். 50 மதிப்பெண்ணில் அது 15, 25, 10. இங்கே பலரும் ஒரு மதிப்பெண் வினாக்களை எல்லாம் எளிது என்றும் 7 மதிப்பெண் வினாவைக் கடினம் என்றும் எழுதிவிடுவார்கள். வினாவின் நீளமும் அதன் கடினமும் வேறு வேறு. "ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தையும் மிதத்தல் விதிகளையும் விளக்குக" என்பது 7 மதிப்பெண் வினா. புத்தகத்தில் இருப்பதைப் படித்த பிள்ளை அப்படியே எழுதிவிடும், அது எளிது. அதே தாளில் வெர்னியர் அளவியில் நேர்ச் சுழிப்பிழை 0.02 செ.மீ., காட்டும் அளவு 3.45 செ.மீ., சரியான அளவு என்ன என்று ஒரு மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். 3.43 என்று வர வேண்டும். கூட்டுவதா கழிப்பதா என்பதில் பாதி வகுப்பு தடுமாறும். அது கடினம்.

இரண்டு மதிப்பெண்ணிலும் கடின வினா வைக்கலாம். ஒரு கார் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது, பிரேக் போட்டால் 50 மீட்டரில் நிற்கிறது. அதே பிரேக் விசையில், வேகம் இருமடங்கானால் எத்தனை மீட்டரில் நிற்கும்? 100 என்று எழுதும் பிள்ளைகள்தான் அதிகம். சரியான விடை 200, ஏனென்றால் நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மாறாக, தொடக்க வேகம், முடுக்கம், நேரம் மூன்றையும் கொடுத்து இறுதி வேகத்தைக் கேட்டால் அது எளிது. இரண்டும் ஒரே பாடம், ஒரே இரண்டு மதிப்பெண்.

ஆகவே எளிது, நடுத்தரம், கடினம் மூன்றும் ஒவ்வொரு பாடத்திலும் இருக்கும்படி பிரித்தேன். எ, ந, க என்பவை அந்த மூன்று நிலைகள், பக்கத்தில் உள்ளது வினா எண்ணிக்கை:

| பாடம் | 1 மதிப்பெண் | 2 மதிப்பெண் | 4 மதிப்பெண் | 7 மதிப்பெண் |
|---|---|---|---|---|
| அளவீடு | எ2 ந1 க1 | எ1 | ந1 | – |
| இயக்கம் | ந1 க1 | எ1 க1 | ந1 | ந1 |
| பாய்மங்கள் | எ1 ந1 | ந1 க1 | – | எ1 |
| மின்னூட்டமும் மின்னோட்டமும் | எ1 ந1 | – | ந1 க1 | – |

கடின வினாக்களின் மதிப்பெண்ணைக் கூட்டிப் பாருங்கள்: அளவீட்டில் 1, இயக்கத்தில் 3, பாய்மங்களில் 2, மின் பாடத்தில் 4, மொத்தம் 10. எளிதும் இதே மாதிரி கூட்டினால் 15 வரும். பாடவாரியாகக் கூட்டிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். மொத்தம் 15, 25, 10 என்று சரியாக இருந்தாலே போதும் என்று நினைத்து ஒரு வருடம் கடின வினாக்கள் எல்லாவற்றையும் ஒரே பாடத்தில் வைத்துவிட்டேன். அந்தப் பாடம் நடந்த வாரத்தில் காய்ச்சலில் விடுப்பிலிருந்த பிள்ளைகள் மூன்று பேர் அதில் மொத்தமாக இழந்தார்கள். தாளின் மொத்தக் கணக்கு மட்டும் சரியாக இருந்தது. அந்தத் தவறு என்னுடையது, இன்றும் மனதை உறுத்துகிறது.

இன்னொரு இடம் கவனியுங்கள், தெரிவு வினா. இரண்டு மதிப்பெண் பகுதியில் "ஏதேனும் ஐந்து" என்று 7 வினா கொடுக்க நினைத்தால் புளூபிரிண்ட் மாறிவிடும். கூடுதலாக வைத்த இரண்டும் எளிது என்றால், பிள்ளை இரண்டு கடின வினாக்களையும் தாண்டிப் போகலாம். கடினத்துக்கு ஒதுக்கிய 10 மதிப்பெண் அந்தப் பிள்ளைக்கு 6 ஆகிவிடும், அதாவது 20 சதவீதம் 12 ஆகிறது. கூடுதல் வினாக்களை அதே பாடத்திலிருந்து, அதே நிலையில் எடுத்தாலும் இது முழுதாகத் தீராது, ஒரு பாடத்தையே விட்டுவிட இன்னும் வழி இருக்கும். பத்தாம் வகுப்பு அறிவியல் பொதுத்தேர்வில் இரண்டு மதிப்பெண், நான்கு மதிப்பெண் பகுதிகளில் ஒவ்வொரு வினாவைக் கட்டாயம் என்று வைத்திருப்பார்கள். அந்தப் பகுதிகளில் எந்தப் பிள்ளையும் தவிர்க்க முடியாத இடம் அது ஒன்றுதான். உங்கள் தாளிலும் அப்படி ஒன்று வைக்கலாம். ஏழு மதிப்பெண் வினாவுக்கு "அல்லது" கொடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே பாடம், ஒரே நிலை.

வினாக்களை எழுதி முடித்ததும் அட்டவணையை மூடி வைத்துவிட்டு, 21 வினாக்களையும் வரிசையாகப் பார்த்து பாடம், வகை, மதிப்பெண், நிலை என்று புதிதாக எழுதுங்கள். இதுதான் வினாவாரிப் பகுப்பாய்வு. பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். எழுதும்போது நடுத்தரம் என்று நினைத்த வினா தாளில் எளிதாக நிற்பது இங்கேதான் தெரியும்.

தேர்வு முடிந்த பிறகும் இந்த அட்டவணை உதவும். 40 பேர் எழுதிய வகுப்பில், கடினம் என்று நீங்கள் குறித்த ஒரு மதிப்பெண் வினாவுக்கு 34 பேர் சரியாக விடை எழுதினால் 34-ஐ 40-ஆல் வகுத்து 0.85. அந்த வினா அவர்களுக்குக் கடினமே இல்லை. பெரும்பாலும் அதே எண்களோடு ஒரு கணக்கை வகுப்பில் போட்டிருப்பீர்கள். கடினநிலை என்பது வினாவோடு மட்டும் இருப்பதில்லை, எப்படி நடத்தினீர்கள் என்பதோடும் சேர்ந்தது. அடுத்த தாளுக்கு முன் அந்த வினாவுக்கு நேரே க-வை அடித்து எ என்று எழுதி வையுங்கள்.