முகத்தை மட்டும் வெட்டித் தேடினால் யார் யாரோ வருவது

> மேடையில் இருக்கும் ஒருவர் யார் என்று இணையப் படத் தேடலில் பார்க்கிறேன். முழுப் படத்தைப் போட்டால் அதே மேடைப் படங்கள் வருகின்றன. முகத்தை மட்டும் வெட்டிப் போட்டால் யார் யாரோ வருகிறார்கள். ஏன்?

இரண்டும் வேறு வேறு கேள்விகள். முழுப் படத்தில் மேடை, பேனர், உடை எல்லாம் சேர்ந்தே பொருந்துகின்றன. அதனால் அதே படத்தின் பிரதிகள் கிடைக்கும். வெட்டியதில் முகச்சாயல் மட்டுமே மிஞ்சும். கூகுள் லென்ஸ் அப்போது பெரும்பாலும் சாயலில் ஒத்தவர்களைக் காட்டும். டின்ஐ என்ற படத் தேடல் தளம் முகத்தை அடையாளம் காண்பதே இல்லை, படப் பிரதியை மட்டுமே தேடும்.

உங்கள் விஷயத்தில், வெட்டிய துண்டு மிகச் சிறியதாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் என்றால் முகம் மங்கியே இருக்கும்.

தோள், சட்டைக் காலர், பின்னால் கொஞ்சம் பேனர் சேர்த்து வெட்டிப் பாருங்கள். அப்புறம் பேனரை மட்டும் தனியாகத் தேடுங்கள். நிகழ்ச்சி தெரிந்தால் ஆளைத் தேடுவது எளிது.

ஒன்று, முகம் ஒத்திருப்பதை வைத்து மட்டும் யார் பெயரையும் சொல்லிவிடாதீர்கள். அதே படம் பெயரோடு வேறு இடத்தில் வந்திருக்க வேண்டும்.